ஒரு நிமிடக் காணொளிக்கு எந்த ஸ்டோரிபோர்டு தாள்?

ஏப்ரலில் தமிழ்மொழி விழா, அக்டோபர், நவம்பர் பக்கம் தீபாவளி. இந்த இரண்டை ஒட்டித்தான் சிங்கப்பூரில் சமூக மன்றக் குழுக்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஒரு நிமிடக் காணொளி எடுக்க அதிகம் கிளம்புகிறார்கள். கதை கிடைத்துவிடும், கைப்பேசி எல்லாரிடமும் இருக்கிறது, நடிக்க ஒரு பாட்டியும் பேரனும் அகப்படுவார்கள். அடுத்து, ஒவ்வொரு ஷாட்டையும் முன்கூட்டியே வரைந்து வைக்கும் ஸ்டோரிபோர்டுக்கு இணையத்தில் ஒரு வார்ப்புருவைத் தேடி, முதலில் வருவதை இறக்கி அச்செடுத்துவிடுவார்கள். அது பெரும்பாலும் ஆறு கட்டம் போட்ட ஏ4 தாளாக இருக்கும். கட்டத்துக்குள் படம், அதன் கீழே சில கோடுகள்.

எந்தத் தாள் என்பதைக் கொஞ்சம் யோசித்து முடிவெடுக்க வேண்டும். காட்சி பேசும் படத்துக்கு ஒரு தாள், ஆட்கள் பேசும் படத்துக்கு வேறு தாள். நம்மவர்கள் எடுக்கும் குறும்படங்களில் பேச்சுதான் அதிகம். ஆகவே படத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் வசனத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துத் தாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் முடிவு. ஒரு கதையை வைத்து அதைக் காட்டுகிறேன்.

தீபாவளிக்கு முந்தின நாள், ஒரு வீவக அடுக்குமாடி வீடு. பாட்டி முறுக்கை எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் கொடுத்துவிட்டு வரும்படி பத்து வயதுப் பேரனை அனுப்புகிறார். போகும் முன் அவனுக்கு ஒரு மலாய் வாக்கியம் சொல்லிக்கொடுக்கிறார். அவன் அதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போய், கதவு திறந்ததும் பாதியில் தொலைத்துவிடுகிறான். மக்சிக் சிரித்து வாங்கிக்கொண்டு, டப்பாவைக் காலியாகத் திருப்பாமல் குவே லாப்பிஸ் வைத்துக் கொடுக்கிறார். மொத்தம் பத்து ஷாட், அறுபது வினாடி, கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுக்கும் செங்குத்துக் காணொளி.

முதலில் ஆறு கட்டத் தாளில் இதைப் போட்டுப் பார்ப்போம். ஏ4 தாளைப் படுக்கவைத்தால் 297 மில்லிமீட்டர் அகலம், 210 உயரம். ஓரம் விட்டு வரிசைக்கு மூன்று கட்டம் போட்டால் ஒவ்வொன்றும் சுமார் 87 மி.மீ. அகலம் வரும். 16:9 விகிதத்தில் உயரம் 49 மி.மீ. கட்டத்துக்குக் கீழே குறிப்புக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 40 மி.மீ., கையெழுத்தில் ஐந்து வரி. ஷாட் எண், அளவு, கேமரா அசைவு என்று இரண்டு வரி போனால் வசனத்துக்கு மூன்று வரி. ஒரு வரியில் தமிழில் நான்கு சொல் எழுதலாம், சின்னக் கையெழுத்தென்றால் ஐந்து.

இரண்டாவது ஷாட்டின் வசனம் இது:

பாட்டி: கதவு தெறந்ததும் சிரி. அப்புறம் சொல்லு, நெனெக் சுரோ பகி.
பேரன்: நெனெக்... சுரோ... என்ன பாட்டி?
பாட்டி: பகி. குடுக்க சொன்னாங்கன்னு அர்த்தம்.

பதினாறு சொல், மூன்று முறை ஆள் பெயர். அந்த மூன்று வரியில் இது அடங்காது. அடங்காதபோது எல்லாரும் செய்வது ஒன்றுதான்: "பாட்டி மலாய் சொல்லிக் கொடுக்கிறார்" என்று சுருக்கி எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். தாள் சுத்தமாகத் தெரியும். ஆனால் வசனம் அந்த இடத்தில் வெறும் தகவலாகிவிடுகிறது. எவ்வளவு நேரம் பிடிக்கும், எந்தச் சொல்லில் பையன் தடுக்குவான், எந்தச் சொல்லில் கேமரா பாட்டியை விட்டு அவன் முகத்துக்குத் தாவும் என்பதெல்லாம் தாளில் இல்லை. யாராவது நிரப்பிய ஸ்டோரிபோர்டைக் காட்டினால் நான் முதலில் தேடுவது "சொல்கிறார்", "விளக்குகிறார்", "பேசுகிறார்கள்" என்று முடியும் வரிகளை. அப்படி இரண்டு மூன்று இருந்தால் அந்தத் தாள் அந்தக் கதைக்குப் பற்றவில்லை என்று அர்த்தம்.

நேரக் கணக்கு அங்கிருந்துதான் பிசகுகிறது. நிமிடத்துக்கு 150 சொல் என்று ஆங்கில வார்ப்புருக்களோடு ஒரு கணக்கு வரும். அதன்படி மேலே உள்ள பதினாறு சொல்லுக்கு ஆறரை வினாடிகூட ஆகாது. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். "சொன்னாங்கன்னு" என்ற ஒரு சொல்லிலேயே ஆங்கிலத்தில் மூன்று சொல் சொல்லிவிடலாம். பையன் தடுக்குகிற இரண்டு இடத்திலும் ஒரு மூச்சு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நகைச்சுவை வராது. பன்னிரண்டு வினாடி ஆகும். தமிழ் வசனத்துக்குச் சொல் எண்ணிக்கை உதவாது. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு நடிப்போடு படிப்பதுதான் வழி. அதற்கு வசனம் முழுதாக, பேசுகிற மாதிரியே, தாளில் இருந்தாக வேண்டும்.

பத்து ஷாட்டையும் வரிசையாகப் போட்டால் இப்படி வருகிறது. டப்பாவில் முறுக்கு அடுக்கும் கை, 5 வினாடி. சொல்லிக்கொடுக்கும் இடம், 12. தாழ்வாரத்தில் முணுமுணுத்துக்கொண்டே போகும் பையன், 6. அழைப்புமணியில் விரல், 3. கதவு திறந்து மக்சிக் தெரிவது, 4. பையன் முகம், தடுமாற்றம், கடைசியில் "பாட்டி பகி!" என்று கலந்து உளறுவது, 8. மக்சிக் சிரித்துப் பதில் சொல்வது, 7. டப்பாவுக்குள் குவே லாப்பிஸ், 5. பையன் திரும்பி நடப்பது, 5. பாட்டி டப்பாவைத் திறந்து பார்த்து "பாரு, டப்பா காலியா வராது" என்பது, 9. கூட்டினால் 64. நான்கு வினாடி அதிகம்.

இரண்டாவது ஷாட்டைச் சுருக்கி எழுதி, ஆறு வினாடி என்று உத்தேசமாகப் போட்டிருந்தால் கூட்டுத்தொகை 58 ஆகியிருக்கும். எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். எடுத்து முடித்து வெட்டி ஒட்டும்போதுதான் 64 என்று தெரியும். அப்போது வெட்டுவதற்குக் கைக்குச் சுலபமாக அகப்படுவது பையன் தடுக்குகிற மௌனங்கள். கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. தாளிலேயே 64 என்று தெரிந்திருந்தால் ஒன்பதாவது ஷாட்டை, அதாவது பையன் திரும்பி நடப்பதை, எடுக்காமலே விட்டுவிடலாம். எட்டாவதில் குவே லாப்பிஸ் உள்ளே போகிறது, பத்தாவதில் பாட்டி திறக்கிறார், நடுவில் அவன் நடந்து வந்தான் என்பது பார்ப்பவருக்குத் தானே புரியும். 59 வினாடியில் முடிந்துவிடும், எடுக்கும் வேலையும் ஒன்று குறையும்.

ஆறு கட்டத் தாளை ஒதுக்க வேண்டிய இன்னொரு காரணம் கட்டத்தின் வடிவம். செங்குத்துக் காணொளியைப் படுக்கைக் கட்டத்தில் வரைந்தால், பாட்டியும் பேரனும் எதிரெதிரே நிற்பது வெகு அழகாக அமையும். கைப்பேசியை நிமிர்த்தினால் இருவரும் சேர்ந்து உள்ளே வரமாட்டார்கள். வரவைக்கப் பின்னால் போனால், வீட்டுச் சமையலறையில் பின்னால் போக இடமிருக்காது. அங்கேயே நின்று புதிதாக யோசிக்க வேண்டிவரும். 9:16 கட்டத்தில் வரைந்திருந்தால், பாட்டியின் தோளுக்கு மேலே பையனைக் காட்டுவது, அல்லது பாட்டி மேலே குனிந்திருக்க மேசை விளிம்பில் பையன் முகம் கீழே தெரிவது என்று வரையும்போதே தீர்வு வந்திருக்கும்.

அதற்காகப் படுக்கைத் தாளிலேயே செங்குத்துக் கட்டங்களை வரிசையாகப் போடும் வார்ப்புருவும் உண்டு. 45 மி.மீ. அகலம், 80 உயரம், ஐந்து கட்டம் ஒரே வரிசையில். பார்க்கச் சினிமாச் சுருள் மாதிரி அழகாக இருக்கும். கீழே குறிப்புக்கு உயரமும் நிறைய உண்டு. ஆனால் 45 மி.மீ. அகலத்தில் தமிழ் எழுதுவது சிரமம். "கொண்டுவந்திருக்கேன்" என்ற ஒரு சொல்லே ஒரு வரியை அடைத்துக்கொள்ளும், கொஞ்சம் பெரிய கையெழுத்தென்றால் உடைந்து அடுத்த வரிக்குப் போகும். உடைந்த சொல்லை நடிப்பவர் உடைத்தே படிப்பார். பேச்சில்லாத படத்துக்கு மட்டும் இந்தத் தாளை எடுப்பேன்.

பேச்சுப் படத்துக்கு நான் சொல்வது பக்கவாட்டுத் தாள். ஏ4 தாளை நிமிர்த்தி, நான்கு வரிசையாகப் பிரிக்க வேண்டும். மேலே ஒரு பட்டை தலைப்புக்கு விட்டால் ஒவ்வொரு வரிசைக்கும் 66 மி.மீ. உயரம் கிடைக்கும். இடது ஓரத்தில் 34க்கு 60 மி.மீ. கட்டம், அது 9:16. மிச்சமுள்ள அகலத்தில் 57 மி.மீ. ஷாட் குறிப்புக்கு, 95 மி.மீ. வசனத்துக்கு. வசனப் பகுதியில் எட்டு வரி, வரிக்கு நான்கைந்து சொல். இரண்டாவது ஷாட் பெயர்களோடு முழுதாக உட்கார்ந்து இடமும் மிஞ்சும். ஒல்லியான கட்டம் பக்கவாட்டில் இடத்தைக் குறைவாகத்தான் பிடிக்கிறது. அதனால் செங்குத்துக் காணொளிக்கு இந்த அமைப்பு படுக்கைக் காணொளியைவிட நன்றாகவே பொருந்துகிறது. படுக்கைக் காணொளி என்றால் கட்டம் 80க்கு 45 ஆகி, ஷாட் குறிப்பைக் கொஞ்சம் ஒடுக்கினாலும் வசனத்துக்கு 65 மி.மீ. போலத்தான் மிஞ்சும். அப்போதும் ஆறு கட்டத் தாளைவிட இது மேல்.

இந்தத் தாள் வாங்கித் தரும் பெரிய வசதி, ஷாட் மாறினாலும் வசனத்தை ஒரே ஓட்டமாக எழுத முடிவது. "பகி. குடுக்க சொன்னாங்கன்னு அர்த்தம்" என்று பாட்டி சொல்லும்போது, "பகி" வரை பாட்டி முகம், மீதி குரல் மட்டும், படத்தில் கதவைத் திறந்து வெளியேறும் பையன். வசனப் பகுதியில் "பகி" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோடு கிழித்து மூன்றாம் வரிசைக்கு இறக்கிவிட்டால் போதும், வெட்டு எங்கே என்பது எல்லாருக்கும் தெரியும். இப்படிக் குரலை அடுத்த காட்சிமேல் ஓடவிட்டால் இரண்டாவது ஷாட்டும் கொஞ்சம் குறையும். ஆறு கட்டத் தாளில் வசனம் கட்டத்துக்குக் கட்டம் நின்று நின்று போவதால், ஷாட்டும் வசனமும் ஒரே இடத்தில் முடியும்படியே எல்லாரும் எழுதுகிறார்கள். ஒருவர் பேசி முடித்ததும் வெட்டு, அடுத்தவர் பேசி முடித்ததும் வெட்டு. இங்கே எடுக்கப்படும் பல காணொளிகளில் இந்தத் தட்டையான நடை இருக்கிறது. அதற்குத் தாளும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

வசனப் பகுதியில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மொழியைக் குறிக்க ஒரு சின்னப் பெட்டி விடுங்கள். த, ம, ஆ என்று ஓர் எழுத்து போதும். இந்தக் கதையில் பாட்டி தமிழும் மலாயும் பேசுகிறார், பையன் இரண்டையும் குழப்புகிறான், மக்சிக் மலாய் மட்டும். மக்சிக் சொல்லும் "தெரிமா காசே. நெனெக் சிஹாட்?" என்பதற்குக் கீழே எழுத்து வேண்டும்: நன்றி, பாட்டி சுகமா? தமிழ் வரிகளுக்கும் ஆங்கிலத்தில் கீழெழுத்து வேண்டும், ஏனென்றால் புளோக்கில் இருக்கும் எல்லாரும் பார்க்கத்தான் எடுக்கிறோம். மொழி எழுத்தைப் பார்த்தாலே எந்த வரிக்கு எந்த மொழியில் கீழெழுத்து என்று தெரிந்துவிடும், கடைசி நாளில் தேட வேண்டாம். மக்சிக்காக நடிப்பவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது, அவர் வரியை மலாய் எழுத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். வசனம் தனிப் பகுதியாக இருப்பதால் மற்றதை மடித்து மறைத்து, அதை மட்டும் பெரிதாக நகலெடுத்து நடிப்பவர்களிடம் கொடுக்கலாம். படக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு நடிப்பவர்கள் அதிலுள்ள பொம்மைபோல் நிற்கத் தொடங்கிவிடுவார்கள், அதனால் அவர்களுக்கு வசனம் மட்டும் போதும்.

கீழெழுத்து வேண்டுமென்றால் கட்டத்துக்குள்ளும் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். 60 மி.மீ. உயரக் கட்டத்தில் அடியிலிருந்து 12 மி.மீ. உயரத்தில் ஒரு புள்ளிக்கோடு, வலது ஓரத்தில் 5 மி.மீ. உள்ளே இன்னொன்று. கைப்பேசிச் செயலிகள் கணக்குப் பெயரையும் விளக்க வரியையும் அடியில் போடும், இதயம், பகிர்வு போன்ற பொத்தான்களை வலது ஓரத்தில் போடும். கீழெழுத்து அந்தப் புள்ளிக்கோட்டுக்கு மேலேதான் உட்காரும். இப்போது ஆறாவது ஷாட்டை வரைந்து பாருங்கள். பையன் டப்பாவை இடுப்பளவில் பிடித்திருந்தால் கீழெழுத்து சரியாக டப்பாமேல் விழுந்து மறைக்கும். கதை முழுக்க அந்த டப்பாவைப் பற்றியது. நெஞ்சளவுக்குத் தூக்கிப் பிடிக்கச் சொன்னால் முகமும் டப்பாவும் ஒன்றாக நடுவில் வந்துவிடும், பத்து வயதுப் பையன் பதற்றத்தில் அப்படித்தான் பிடிப்பான்.

ஷாட் குறிப்புப் பகுதியில் நிறைய எழுத வேண்டாம். ஷாட் அளவு, கேமரா எங்கே நிற்கிறது, ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறார், என்ன சத்தம் கேட்கும். நான்கும் போதும். பார்வைத் திசையைப் பலர் விட்டுவிடுவார்கள். ஐந்தாவது ஷாட்டில் மக்சிக் திரையில் இடப்பக்கம் பார்த்தால், ஆறாவதில் பையன் வலப்பக்கம் பார்க்க வேண்டும். இருவருமே இடப்பக்கம் பார்த்தால் இருவரும் வேறு யாரையோ பார்க்கிறார்கள் என்று தோன்றும். பக்கவாட்டுத் தாளில் கட்டங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக இருப்பதால், மூக்குகள் எதிரெதிர்த் திசையில் இருக்கின்றனவா என்று விரலை இறக்கிக்கொண்டே பார்த்துவிடலாம். சத்தம் என்பதும் இங்கே சின்ன விஷயமில்லை. ஈசூன், சுவா சூ காங் போல எம்ஆர்டி பாலத்தின்மேல் ஓடும் வட்டாரங்களில் தாழ்வாரத்தில் பேசும் வசனத்துக்கு நடுவே ரயில் வரும். அந்த ஷாட்டுக்கு நேராக "ரயில் போனபின்" என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் எடுப்பவர் பொறுத்திருப்பார்.

கணினியில் செய்யலாமே என்பார்கள். கூகுள் ஸ்லைட்ஸில் `File > Page setup > Custom` போய் 1080க்கு 1920 பிக்சல் என்று வைத்து, ஷாட்டுக்கு ஒரு பக்கமாகச் செய்யலாம். வரைய வராதவர்களுக்கு இது உண்மையிலேயே நல்ல வழி. படமெடுக்கும் தாழ்வாரத்திலேயே யாரையாவது நிற்கவைத்துக் கைப்பேசியில் படம் பிடித்து ஒட்டிவிடலாம். சாயங்காலம் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, கம்பிக் கதவின் நிழல் மக்சிக் முகத்தில் விழுகிறதா என்பதெல்லாம் வரைந்த படத்தில் தெரியாது, புகைப்படத்தில் தெரியும். வரிசையை மாற்றுவதும் சுலபம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு ஷாட்தான் கண்முன் இருக்கும், வசனம் அடியில் உள்ள குறிப்புப் பகுதிக்குள் ஒளிந்துகொள்ளும். பார்வைத் திசையையும் வசன ஓட்டத்தையும் சேர்த்துப் பார்க்க முடியாது. ஆகவே இதைத் தாளுக்குப் பதிலாக வைக்காமல், தாள் எழுதி முடித்தபின் இடம் பார்க்கப் போகும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேறு எந்த மென்பொருளில் எழுதினாலும், முதலில் "கொண்டு போ" என்று தட்டி பிடிஎஃப் ஆக்கிப் பாருங்கள். கொம்பு தனியாகக் கழன்று நின்றால் அதில் தமிழ் வசனம் எழுத வேண்டாம்.

ஒட்டும் சீட்டுகளும் ஒரு வழி. 1930களில் டிஸ்னி ஸ்டுடியோவில் வெப் ஸ்மித் தனித்தனித் தாள்களில் வரைந்து பலகையில் வரிசையாகக் குத்திவைத்ததிலிருந்துதான் இந்த முறை வளர்ந்தது என்பார்கள். கதை இன்னும் முடிவாகாதபோது, மக்சிக்கின் சிரிப்பு முன்னா, பையனின் உளறல் முன்னா என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க இதைவிட நல்லது இல்லை. 76 மி.மீ. சதுரச் சீட்டில் வசனம் எழுத இடமில்லை, அவ்வளவுதான். வரிசை முடிவானதும் தாளுக்கு மாற்றிவிட வேண்டும்.

பேச்சே இல்லாத காணொளி எடுப்பவர்களுக்கு நான் இதுவரை சொன்னது பொருந்தாது. தேக்காவில் பூ கட்டும் கைகள், கோலம் போடுவது, இசைக்கு வெட்டும் நடனம் என்றால் பல கட்டம் ஒரே பார்வையில் தெரியும் தாளையே எடுங்கள், கட்டத்தை மட்டும் 9:16 ஆக்கிக்கொள்ளுங்கள். ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு அசைவு எப்படிக் கைமாறுகிறது என்பதுதான் அங்கே கேள்வி. பக்கவாட்டுத் தாளில் நான்கு நான்காகப் பார்த்தால் அது பிடிபடாது. நம் கதையிலும் மூன்றாவது, நான்காவது ஷாட்டுகள் அப்படிப்பட்டவை, ஆனால் இரண்டு ஷாட்டுக்காகத் தாளை மாற்ற வேண்டியதில்லை.

பத்து ஷாட்டும் பக்கவாட்டில் மூன்று தாள் ஆகும். ஒன்பதாவதை நீக்கினாலும் எண்களை மாற்றி எழுதாதீர்கள். பத்து பத்தாகவே இருக்கட்டும், புதிதாக ஒன்று நடுவில் வந்தால் 4அ என்று போடுங்கள். இல்லாவிட்டால் படமெடுக்கும் இடத்தில் ஒருவர் கையில் பழைய தாளும் இன்னொருவர் கையில் புதுத் தாளும் இருக்கும், "ஏழு எடுத்தாச்சா" என்று கேட்டால் ஆளுக்கொரு ஏழைச் சொல்வார்கள். ஒவ்வொரு வரிசையின் வலது கீழ் மூலையில் வினாடியை எழுத ஒரு கட்டம், எடுத்தாயிற்று என்று குறிக்க ஒரு கட்டம். வினாடியைப் பென்சிலில் எழுதுங்கள், பாட்டியாக நடிப்பவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்ததும் அது மாறும்.